பம்ப் ஸ்டவ் பர்னரில் இறுகிய கரியை எடுப்பது எப்படி

பம்ப் ஸ்டவ் சோர்ந்து எரிந்தால் எல்லோரும் முதலில் எடுப்பது ஸ்டவ் பின்னைத்தான். தகரப் பட்டையின் நுனியில் மெல்லிய கம்பி வைத்த அந்தப் பின்னை நிப்பிளின் துளையில் ஒருமுறை விட்டு எடுத்தால் சுடர் சட்டென்று நீலமாக எழும்பும். ஐந்து நிமிடத்தில் மறுபடி தொய்ந்துவிடும். மறுபடி பின். ஒரு வேளைச் சமையலுக்குள் இரண்டு மூன்று முறை பின் கேட்கும் ஸ்டவ்வில் கோளாறு நிப்பிளில் இல்லை. நிப்பிளுக்குக் கீழே, மண்ணெண்ணெய் வந்து சேரும் குழாய்களுக்குள் கரி இறுகிப்போயிருக்கிறது. அதிலிருந்து உதிரும் துணுக்குகள்தான் நிப்பிளை அடைக்கின்றன. பின் குத்தும்போது அந்தத் துணுக்கு குழாய்க்குள் திரும்ப விழுந்து, சற்று நேரத்தில் ஆவியோடு ஏறி அதே துளைக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கரியை எடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பொறுமையாக அரை நாள் ஒதுக்கவேண்டும். வரிசை மாறாமல் செய்யவேண்டும்.

கரி எங்கே, ஏன் பிடிக்கிறது

பர்னரில் இரண்டு விதமான கரி உண்டு. ஒன்று வெளியே தொப்பியிலும் குழாய்களின் மேலும் படியும் புகைக்கரி. விரலால் தொட்டால் மையாக ஒட்டிக்கொள்ளும். சுடர் மஞ்சளாக எரிந்ததன் அடையாளம் அது. துலக்கினால் போய்விடும். மற்றது குழாய்க்குள் பிடிப்பது. கறுப்பாக, கல் போலக் கெட்டியாக, உள்சுவரோடு ஓடு கட்டியதுபோல் இருக்கும். ஸ்டவ்வை எரியவிடாமல் செய்வது இரண்டாவது கரி.

அது எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொண்டால் எங்கே தேடவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1892ஆம் ஆண்டு ஸ்வீடனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய ஸ்டவ்வின் அமைப்பைத்தான் பிறகு வந்த பெரும்பாலான பம்ப் ஸ்டவ்கள் பின்பற்றுகின்றன. டேங்கில் காற்றை அடித்து ஏற்றும்போது அந்த அழுத்தம் மண்ணெண்ணெயைத் தண்டுக் குழாய் வழியாகப் பர்னருக்குத் தள்ளுகிறது. அங்கே அது நேராக நிப்பிளுக்குப் போவதில்லை. சுடரை ஒட்டி வளைந்திருக்கும் குழாய்களில் ஏறி, மேலே போய், திரும்பக் கீழே இறங்கி, நடுவில் இருக்கும் நிப்பிளுக்கு வருகிறது. இந்தச் சுற்றுக்குள் சுடரின் சூடு பட்டு ஆவியாகிவிடுகிறது. நிப்பிளிலிருந்து பீறிடுவது ஆவி. அது காற்றோடு கலந்து தொப்பியில் மோதி நீலச் சுடராகப் பரவுகிறது.

மண்ணெண்ணெயின் லேசான பகுதி சுலபமாக ஆவியாகும். கனமான பகுதி சூட்டில் சிதைந்து கரியாகி, அந்த வளைவுகளிலேயே தங்கிவிடும். நல்ல எண்ணெயிலும் இது கொஞ்சம் நடக்கும். டீசலோ இன்ஜின் ஆயிலோ கலந்த எண்ணெயில் மிக வேகமாக நடக்கும். அழுத்தத்தைக் குறைத்து மணிக்கணக்கில் சிறு தீயில் எரிப்பதும் கரியை வளர்க்கும். குழாய் சூடாகவே இருக்கிறது, ஆனால் எண்ணெய் மெதுவாக நகர்கிறது. ஆகவே அது சூட்டில் கிடக்கும் நேரம் கூடிவிடுகிறது. பர்னரின் மேல் வளைவிலும், ஆவி கீழிறங்கி நிப்பிளுக்குத் திரும்பும் பாதையிலும்தான் கரி அதிகம் சேரும்.

கழற்றும் முன் உறுதி செய்யுங்கள்

சுடர் சோர்வதற்குப் பம்ப்பும் காரணமாக இருக்கலாம். பம்ப்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் எத்தனை முறை அடித்தாலும் டேங்கில் காற்று ஏறாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. இருபது முறை அடித்து ஸ்டவ்வை எரியவிடுங்கள். சுடர் சோர்ந்ததும் காற்றுத் திருகைத் திறந்து கேளுங்கள். ‘புஸ்’ என்று நீளமாகக் காற்று வெளியேறினால் அழுத்தம் இருக்கிறது, அடைப்பு பர்னரில். காற்றே இல்லாமல் சட்டென்று அடங்கினால் பம்ப்பைப் பாருங்கள், பர்னரைக் கழற்றாதீர்கள்.

இன்னொரு அறிகுறி, சுடர் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குவது. ஒரு நொடி இரைந்து எழும்பி, மறு நொடி அமுங்கி, மறுபடி எழும்பும். ஆவி குறுகிய வழியில் சிக்கித் திணறி வருகிறது என்று இதற்கு அர்த்தம். பக்கவாட்டில் ஒரு புறம் மட்டும் மஞ்சளாக எரிந்தால் அது குழாய்க் கரியாக இருக்க வாய்ப்புக் குறைவு. தொப்பி கோணியிருக்கும், அல்லது நிப்பிள் துளை ஒருக்களித்துப் போயிருக்கும்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு மாதிரி பர்னரை எடுத்துக்கொள்வோம். இரைச்சலோடு எரியும் வகை. இருபத்தைந்து முறை அடித்தும் சுடர் பாதி உயரம்தான். பின் குத்தினால் முழுதாக எழும்பி, ஐந்தாறு நிமிடத்தில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. காற்றுத் திருகைத் திறந்தால் அழுத்தம் பலமாக இருக்கிறது. வெளியே லேசான புகைக்கரிதான், பார்க்கச் சுத்தமாகவே இருக்கிறது. இதைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவது

ஸ்டவ் முழுதும் ஆறியிருக்கவேண்டும். திறந்த வெளியில், பக்கத்தில் எந்த நெருப்பும் இல்லாத இடத்தில் வைத்துக் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை முழுதாக விடுங்கள். பிறகு மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயை வேறொரு பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். வடிந்த எண்ணெயின் அடியில் துருத் துகளோ தண்ணீர்க் குமிழோ தெரிந்தால் டேங்கையும் கொஞ்சம் புதிய மண்ணெண்ணெய் விட்டு அலசவேண்டும். இல்லாவிட்டால் சுத்தம் செய்த பர்னர் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

தொப்பியைத் தூக்கி எடுத்தால் நடுவில் நிப்பிள் தெரியும். அதை நிப்பிள் சாவியால் இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றவேண்டும். சாதாரணக் குறடால் பிடிக்காதீர்கள். பித்தளை மெதுவானது, விளிம்பு மழுங்கிவிட்டால் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, மரை இளக்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு வையுங்கள். சாவியை முதலில் வலப்பக்கம் இம்மியளவு இறுக்கி, பிறகு இடப்பக்கம் திருப்பினால் பல சமயம் பிடி விட்டுவிடும்.

அடுத்தது பர்னர். அது தண்டுக் குழாயின் மேல் மரையில் திருகப்பட்டு, இடையில் ஓர் ஈய வாஷரோடு இருக்கும். இங்கேதான் புதியவர்கள் ஸ்டவ்வைக் கெடுக்கிறார்கள். டேங்கை ஒரு கையில் இறுகப் பிடித்துக்கொண்டு பர்னரைத் திருகினால், அந்த முறுக்கு முழுதும் தண்டுக் குழாய் டேங்கோடு சேரும் ஈயப் பற்றில் போய் விழும். பற்று கிழிந்தால் டேங்கே போயிற்று. ஆகவே இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று தண்டுக் குழாயின் கழுத்தை அசையாமல் பிடிக்க, மற்றொன்று பர்னரின் அடிக்கட்டையைத் திருப்ப. கழன்றதும் பழைய ஈய வாஷரைச் சுரண்டி எடுத்து எறிந்துவிடுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தொப்பிக்குக் கீழே ஸ்பிரிட் ஊற்றும் கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் நார்த் திரி போல ஏதேனும் இருந்தால் அதைக் காய்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். மிகப் பழைய ஸ்டவ்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, ஈரமாகவே எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். சில பர்னர்களில் நிப்பிள் பின் உள்ளேயே இருக்கும், பக்கத்தில் ஒரு குமிழைத் திருப்பினால் குத்தும். அந்த வகையில் குமிழ்க் கம்பியையும் அதன் அடைப்பு நூலையும் வெளியே எடுத்த பிறகுதான் மேலே போகவேண்டும்.

முதலில் ஒரு தண்ணீர்ச் சோதனை

சுத்தம் செய்வதற்கு முன் அடைப்பு எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும். ஒரு சாண் நீள ரப்பர் குழாயைப் பர்னரின் அடிக்கட்டையில் மாட்டி, மறுமுனையில் சிறிய புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். பர்னரைப் புனலுக்குக் கீழே தாழ்த்திப் பிடியுங்கள். நிப்பிள் கழற்றிய ஓட்டை வழியாகத் தண்ணீர் வரவேண்டும். நல்ல பர்னரில் அது அறுபடாத தாரையாக விழும். நம் மாதிரி பர்னரில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பத்துப் பதினைந்து சொட்டுக்குப் பிறகு சட்டென்று நின்று, மறுபடி தொடங்குகிறது. நின்று தொடங்குவது உதிரித் துணுக்கு உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. வாயால் ஊதிப் பார்க்கலாமே என்று தோன்றும். அது வேண்டாம், உள்ளே மண்ணெண்ணெய் இருக்கிறது.

இதன் பிறகு பர்னரைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். வெளிப்புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் இளகிவிடும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். உள்ளே எண்ணெய் வாடை இல்லாமல் போகும் வரை காயவேண்டும். அடுத்த கட்டம் நெருப்பு.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதில் ஊறவைத்தாலும் உள்கரி கரையாது. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் பர்னரை வாரக்கணக்கில் பெட்ரோலில் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். பிசினாக இருக்கும் வரைதான் கரைப்பான் வேலை செய்யும். சூட்டில் முழுக் கரியான பின் அது எந்த எண்ணெயிலும் கரையாது. அதை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். பெட்ரோலில் ஊறிய பர்னரை நெருப்பில் வைப்பது உயிருக்கே ஆபத்து.

சூடாக்கி உடைப்பது

பித்தளையும் கரியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பித்தளை அதிகம் விரியும், ஆறும்போது அதிகம் சுருங்கும். குழாயோடு ஒட்டிய கரி ஓடு இந்த இழுபறியில் விரிசல் விடும். இந்த முறையின் அடிப்படை இதுதான்.

பர்னர் டேங்கில் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகும், ஈயப் பற்று அதற்கும் முன்பே உருகிவிடும். பர்னர் தனியாக, நிப்பிள் இல்லாமல், தொப்பி இல்லாமல், வாஷர் இல்லாமல் இருக்கவேண்டும். திறந்த வெளியில், செங்கல் மேல், எல்லா ஓட்டைகளும் உங்கள் முகத்தை விட்டு விலகி இருக்கும்படி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

நல்ல கரி நெருப்பிலோ ப்ளோ லாம்ப்பிலோ மெதுவாகச் சூடாக்குங்கள். எங்காவது எண்ணெய் மிச்சம் இருந்தால் ஓட்டைகளில் சிறு சுடர் தோன்றி அணையும், பயப்படவேண்டியதில்லை. புகை நின்ற பிறகும் சூட்டைத் தொடருங்கள். எவ்வளவு சூடு என்பதுதான் இந்த வேலையின் நெளிவு சுளிவு. நிழலில் வைத்துப் பார்க்கும்போது பித்தளை மங்கிய, கறுஞ்சிவப்பாகத் தெரியத் தொடங்க வேண்டும். அவ்வளவே. அந்த நிறம் தெரிந்ததும் ஒரு நிமிடம் வைத்து நெருப்பை விலக்கிவிடுங்கள். வெயிலில் வைத்துப் பார்த்தால் இந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. தெரியும் அளவுக்குச் சூடாக்கினால் அது ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். பளிச்சென்ற செர்ரிச் சிவப்புக்குப் போனால் குழாய்களை இணைக்கும் பற்று இளகி ஓடக்கூடும். அந்தப் பர்னரை மறுபடி நம்பிப் பயன்படுத்த முடியாது.

சூடான பித்தளை மொறுமொறுப்பாகிவிடும். அந்த நிலையில் குறடால் நெரித்தாலோ தட்டினாலோ கண்ணாடி போல விரிசல் விடும். தொடாமல், காற்றில் தானாக ஆறவிடுங்கள். சிவந்த பர்னரைத் தண்ணீரில் முக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. கரி அதில் வேகமாக உடையும் என்பது உண்மைதான். ஆனால் குழாய்க்குள் புகும் தண்ணீர் ஆவியாகி முகத்தில் பீறிடும், பழைய பற்றுகள் அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். காற்றில் ஆறவிட்டு இரண்டு மூன்று முறை சூடாக்குவதே மேல். நேரம் கூடும், பர்னர் பிழைக்கும்.

கை தாங்கும் அளவுக்கு ஆறியதும் ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, மரக் கைப்பிடியால் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தட்டுங்கள். கறுப்புத் துணுக்குகள் உதிரும். விரலில் நசுக்கிப் பாருங்கள். மாவாகத் தேய்ந்தால் கரி நன்றாக வெந்திருக்கிறது. மணல்போல் நறநறவென்று இருந்தால் இன்னொரு சூடு கேட்கிறது.

கம்பி விடுவது

உடைந்த கரி தானாக வராது, குடைந்து எடுக்கவேண்டும். அதற்குச் சைக்கிள் பிரேக்கின் உள் ஒயரைப் போல் வேறு எதுவும் உதவுவதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கனம், பல இழை முறுக்கியது, வளைவில் மடங்கிப் போகும், அதே சமயம் தள்ளும் வலுவும் உண்டு. இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நுனியில் மூன்று மில்லிமீட்டர் மட்டும் முறுக்கைப் பிரித்துவிடுங்கள். பிரிந்த இழைகள் சிறு துடைப்பம் போல விரிந்து உள்சுவரைச் சுரண்டும். அதிகம் பிரித்தால் வளைவில் சிக்கி இழை முறிந்து உள்ளேயே தங்கிவிடும். முறிந்த இழை கரியைவிடப் பெரிய தொல்லை.

முதலில் நிப்பிள் ஓட்டை வழியாகத் தொடங்குங்கள். ஒயர் கொஞ்சம் உள்ளே போனதும் தடை தட்டும். அங்கே குத்தாமல், முறுக்கு இறுகும் திசையிலேயே விரல்களுக்கிடையில் சுழற்றிக்கொண்டு லேசாகத் தள்ளுங்கள். எதிர்த் திசையில் சுழற்றினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். ஒரு ‘கறுக்’ உணர்வோடு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராக வழி விடும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வெளியே இழுத்துத் துடைத்து, பர்னரைத் தட்டிவிட்டு மறுபடி விடுங்கள். பிறகு அடிக்கட்டைப் பக்கமிருந்தும் அதேபோல. பர்னரில் இரண்டு வளையம் இருந்தால் இரண்டிலும் போகவேண்டும். ஒன்று திறந்துவிட்டால் தண்ணீர் அது வழியாகவே ஓடி, மற்றது அடைத்திருப்பதை மறைத்துவிடும். ஒயர் இடப்பக்கக் குழாயில் போகிறதா வலப்பக்கமா என்பதை அதன் நுனி எங்கே உரசுகிறது என்று வெளியே விரல் வைத்து உணரலாம். சில பர்னர்களில் குழாயின் முனையைச் சிறு பித்தளைக் கட்டையால் அடைத்துப் பற்று வைத்திருப்பார்கள். அதைத் திறக்க முயலாதீர்கள், வீட்டில் திரும்ப அடைக்க முடியாது.

நம் மாதிரி பர்னரில் முதல் சூட்டுக்குப் பிறகு கால் தேக்கரண்டி அளவு துணுக்கு வருகிறது. ஒயர் ஒரு பக்கம் முழுதாகப் போகிறது, மறு பக்கம் மேல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் சொட்டு மெல்லிய தாரையாக மாறியிருக்கிறது, ஆனால் கறுப்பு நீர். இங்கே வேலை முடிந்ததாக எண்ணி நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. காயவைத்து இரண்டாவது முறை சூடாக்கியதும் அந்த நின்ற இடம் இளகி, வளைந்த ஓடு போல ஒரு துண்டு, குழாயின் உள்வடிவம் அப்படியே பதிந்து, ஒயரோடு வெளியே வருகிறது. அதன் பிறகுதான் தண்ணீர் அறுபடாமல் தெளிவாக விழுகிறது. தண்ணீர் தெளியும் வரை ஊசி போடும் சிரிஞ்சால் இருபுறமும் மாறி மாறிப் பீய்ச்சுங்கள். மூன்று முறை சூடாக்கியும் ஒயர் போகவில்லை என்றால் அந்தப் பர்னரை விட்டுவிட்டுப் புதியது வாங்குவதுதான் சரி.

அமிலம் பற்றி

சூட்டில் பித்தளை கறுத்துப்போயிருக்கும். அது கரியில்லை, ஆக்சைடு. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம் போட்டால் போய்விடும், குழாய்க்குள் ஒட்டிய செதிலும் விடுபடும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யுங்கள். அதில் இரும்பு ஆணியோ கம்பியோ விழுந்தால் பித்தளை செம்பு நிறமாக மாறிவிடும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, பிறகு நல்ல தண்ணீரைச் சிரிஞ்சால் உள்ளே செலுத்தி அலசவேண்டும். கழிவறை கழுவும் கடும் அமிலமும், அம்மோனியா கலந்த துலக்கிகளும் கூடாது. முன்னது பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும். பின்னது, பிறகு அழுத்தத்தில் விரிசல் விடும்படி பித்தளையைக் கெடுத்துவிடும்.

நிப்பிளும் தொப்பியும்

நிப்பிளைக் கழற்றிய நிலையில் சுத்தம் செய்வதில் ஒரு பெரிய வசதி, குப்பையை வெளியே தள்ள முடிவது. மேலே சிறு துளை, கீழே அகலமான குழி. பின்னை மேலிருந்து விட்டு, துணுக்கைக் குழிக்குத் தள்ளி, தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றுங்கள். குழிக்குள் கரி ஒட்டியிருந்தால் பல்குச்சியால் சுரண்டுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள். துளை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஒளிப்புள்ளி வட்டமாக, கூர்மையான விளிம்போடு தெரியவேண்டும். முட்டை வடிவமாகவோ ஒரு பக்கம் கீறியோ தெரிந்தால் சுடர் சாய்ந்து எரியும். பின் துளைக்குள் லேசான உரசலோடு போகவேண்டும், ஆடக்கூடாது. ஆடினால் துளை பெரிதாகிவிட்டது. ஆவி அளவுக்கு மேல் வரும், அதற்கு ஈடான காற்று கலக்காது, சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கறுக்கும். இது பெரும்பாலும் தையல் ஊசியால் குத்தியதன் விளைவு. ஊசி நுனியில் மெலிந்து அடியில் தடித்தது, உள்ளே போகப் போகத் துளையை அகட்டும். அப்படியான நிப்பிளை மாற்றிவிடுங்கள்.

தொப்பியைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் துலக்கினால் போதும். சத்தமில்லாமல் எரியும் வகையில் தொப்பியில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும், ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியால் திறந்துவிடுங்கள், அகலப்படுத்தாதீர்கள். விளிம்பு காகிதம் போல மெலிந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால் அதைத் துலக்குவதில் பயனில்லை.

பூட்டும் முன் கசிவுச் சோதனை

இதைத் தவிர்க்கவே கூடாது. கரி பல பழைய விரிசல்களை அடைத்து வைத்திருக்கும். கரியை எடுத்ததும் அவை திறந்துகொள்ளும். நிப்பிளைப் பூட்டி, அதன் துளையை விரல் நுனியால் மூடிக்கொண்டு, அடிக்கட்டையில் ரப்பர் குழாய் வழியாகச் சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்றை அடித்து, பர்னரை வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். நிப்பிளின் அடியில் குமிழி வந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். குழாயின் பற்றிலோ வளைவிலோ குமிழி வந்தால் பர்னர் கழிவு. சாதாரண ஈயப் பற்று வைத்து அதை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும், பர்னர் அதைவிட எவ்வளவோ சூடாகும். சமையல் நடுவே பற்று விட்டால் எரியும் மண்ணெண்ணெய் பக்கவாட்டில் பீறிடும்.

சோதனை தேறினால் காயவைத்து, புது ஈய வாஷர் போட்டு, முன்போலவே இரண்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். ஈயம் நசுங்கி இடைவெளியை நிரப்புவதைக் கையில் உணரலாம். அதற்கு மேல் முறுக்கவேண்டாம்.

முதல் பற்றவைப்பு

வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். துணியில் வடிகட்டிய மண்ணெண்ணெயை டேங்கில் முக்கால் அளவு மட்டும் ஊற்றுங்கள். மீதி கால் பாகம் காற்றுக்கு. கிண்ணத்தில் ஸ்பிரிட் நிரப்பிப் பற்றவைத்து, காற்றுத் திருகைத் திறந்தே வையுங்கள். ஸ்பிரிட் ஏறக்குறைய தீரும் தறுவாயில் திருகை மூடி ஐந்தாறு முறை மட்டும் அடியுங்கள். பர்னர் போதிய சூடாகியிருந்தால் நீலச் சுடர் பிடிக்கும். மஞ்சளாக எகிறினாலோ எண்ணெய் திரவமாகப் பீய்ச்சினாலோ உடனே திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், ஆறவிட்டு இன்னும் ஒரு கிண்ணம் ஸ்பிரிட்டோடு மறுபடி தொடங்குங்கள். எரிந்துகொண்டிருக்கும்போதோ சூடாக இருக்கும்போதோ கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றக்கூடாது, நெருப்பு புட்டிக்குத் தாவும்.

நீலச் சுடர் நின்றதும் இன்னும் பத்துப் பன்னிரண்டு முறை அடித்து, முழு வேகத்தில் கால் மணி நேரம் எரியவிடுங்கள். ஒயரில் சிக்காமல் தப்பிய துகள்கள் இந்தக் கால் மணியில்தான் வெளிவரும். இரண்டு மூன்று முறை பின் கேட்டால் இயல்புதான். அதற்குப் பிறகும் சுடர் மூச்சு வாங்கினால் மறு வளையத்தில் கரி மிச்சம் இருக்கிறது, திரும்பக் கழற்றி இன்னொரு முறை சூடாக்கவேண்டும். அணைத்து முழுதாக ஆறியபின் பர்னரின் அடிக்கட்டையை ஸ்பேனரால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ஈயம் முதல் சூட்டில் சற்று அமுங்கியிருக்கும், இம்மியளவு இறுக்கிவிடுங்கள்.